சொந்தக்காரர்களுக்கு மட்டும் உறுத்தும் முகம்

கேள்வி: தங்கச்சி கல்யாணத்துக்கு, இறந்துபோன அப்பா வந்து வாழ்த்துவது போல ஒரு வீடியோ செய்தோம். சித்தப்பாவை நடிக்க வைத்து, அப்பா முகத்தைப் பொருத்தினார்கள். நண்பர்கள் எல்லாரும் சூப்பர் என்றார்கள். அம்மா பாதியிலேயே "இது அவிய இல்ல மக்ளே, நிறுத்து" என்று எழுந்து போய்விட்டாள். எனக்கு முகம் அச்சு அசலாகத்தான் தெரிகிறது. சின்னக் குறை ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறது? பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது எந்தக் குறை?

பதில்:

உங்கள் நண்பர்களும் சரி, அம்மாவும் சரி, தாங்கள் பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறார்கள். நாகர்கோவிலில் கல்யாண வீடியோ எடிட்டிங்கும் கலர் வேலையும் பல வருஷமாகச் செய்துவருகிறேன். மறைந்த பாட்டாவையோ அப்பாவையோ ஒரு நிமிஷம் திரையில் கொண்டுவர முடியுமா என்று இப்போதெல்லாம் அடிக்கடி கேட்கிறார்கள். அந்த வேலையில் கண்டதையும், முகத்தை மனிதர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் சோதித்துச் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். எது சோதனையில் தெரிந்தது, எது என் மேசையில் கண்டது என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீடியோவை நான் பார்க்கவில்லை. அதனால் குறை எங்கே இருக்கிறது என்று நீங்களே கண்டுபிடிக்கும் வழியும் கீழே வரும்.

முகம் மாற்றும்போது உண்மையில் மாறுவது எது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் புருவத்திலிருந்து முகவாய் வரை உள்ள நடுப்பகுதிதான் மாறுகிறது. முடி, காது, தாடையின் அகலம், கழுத்து, தலையின் வடிவம், தலையை அசைக்கும் விதம் எல்லாமே உங்கள் சித்தப்பாவுடையவை. அதாவது திரையில் இருப்பது இரண்டு பேர். இதில் யாருக்கு எது கண்ணில் படும் என்பது, பார்ப்பவர் அந்த மனிதரை எவ்வளவு அறிந்தவர் என்பதைப் பொறுத்தது. 1979இல் எல்லிஸ், ஷெப்பர்ட், டேவிஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். பழகிய முகத்தை அடையாளம் காண மனிதர்கள் கண், மூக்கு, வாய் ஆகிய உள்பகுதியைத்தான் அதிகம் நம்புகிறார்கள். பழகாத முகத்தில் முடி, முக வடிவம் போன்ற வெளிப்பகுதியும் அதே அளவுக்கு உதவுகிறது என்று கண்டார்கள். 1996இல் சின்ஹா, பொஜியோ இருவரும் ஒரு படம் வெளியிட்டார்கள். அமெரிக்க அதிபர் கிளின்டனும் துணை அதிபர் அல் கோரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். ஆனால் இரண்டு தலையிலும் இருந்தது கிளின்டனின் கண், மூக்கு, வாய்தான். பார்த்தவர்கள் முடியையும் தலை வடிவத்தையும் நிற்கும் இடத்தையும் வைத்து, அங்கே இருப்பது அல் கோர் என்றே எடுத்துக்கொண்டார்கள். முகம் மாற்றும் மென்பொருள்கள் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே செய்யப்பட்ட முகமாற்றம் அது.

உங்கள் நண்பர்கள் அப்பாவை நாலைந்து தடவை பார்த்திருப்பார்கள். நெற்றி, மீசை, வேட்டி, உங்கள் வீட்டுத் திண்ணை எல்லாம் சரியாக இருந்தால் அவர்களுக்குப் போதும். அம்மாவோ எத்தனையோ வருஷம் அந்தக் கண்ணையும் வாயையும் பார்த்துப் பேசியவர். மாற்றிய பகுதி எதுவோ, அதைத்தான் அவர் நன்றாக அறிவார்.

சரி, ஆள் மாறியது தெரிந்தால் "இது வேறு ஆள்" என்று தோன்றிவிட்டுப் போக வேண்டியதுதானே, ஏன் பயம் வருகிறது? 1970இல் ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பொம்மை மனிதனைப் போல ஆக ஆக நமக்குப் பிடிப்பு கூடும், ஆனால் கிட்டத்தட்ட மனிதன் என்ற இடத்துக்கு வரும்போது அது சட்டென்று அருவருப்பாக மாறும், அது அசைந்தால் அந்தச் சரிவு இன்னும் ஆழமாகும் என்றார். இது அளந்து வரைந்த கோடு அல்ல, அவருடைய ஊகம். பின்னால் வந்தவர்கள் சோதித்தபோது சிலருக்கு அந்தச் சரிவு கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. நோயாளியிடமிருந்து விலகும் இயல்பு, பிணத்தைக் கண்ட பயம், உயிருள்ளதா இல்லையா என்ற குழப்பம் என்று காரணமும் பலவிதமாகச் சொல்கிறார்கள். அதில் எது சரி என்பது இன்னும் முடிவாகவில்லை.

ஆனால் என் வேலைக்கு உதவுகிற ஒரு விளக்கம் உண்டு. 2007இல் செயாமா, நாகயாமா இருவரும் முகப் படங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொம்மை முகத்திலிருந்து நிஜ முகமாக மாற்றிக் காட்டினார்கள். வெறுமனே பாதி பொம்மையாக இருப்பது அவ்வளவாக உறுத்தவில்லை. நிஜ முகத்தில் அளவுக்கு மீறிய பெரிய கண்களை வைத்தபோதுதான் கடுமையாக உறுத்தியது. முகம் முழுக்க ஒரே தரத்தில் இருந்தால், அது குறைந்த தரமாக இருந்தாலும் மனம் ஏற்றுக்கொள்கிறது. ஒரு பகுதி நிஜமாகவும் இன்னொரு பகுதி அந்த நிஜத்துக்கு ஒத்துவராமலும் இருந்தால் ஏற்பதில்லை. முழுக்க வரைந்த கார்ட்டூன் அப்பாவைக் காட்டியிருந்தால் அம்மா அழுதிருப்பார், பயந்திருக்க மாட்டார். உங்கள் வீடியோவில் கழுத்தும் கையும் திண்ணையும் நூறு சதவீதம் நிஜம். அதனால் முகமும் அந்த அளவுக்கு நிஜமாக இருக்க வேண்டும் என்று அம்மாவின் மனம் எதிர்பார்க்கிறது. குறை சிறிதாக இருப்பதே இங்கே பிரச்சினை. பெரிதாக இருந்தால் இது வேஷம் என்று ஒதுக்கிவிடலாம்.

இன்னொன்று, நாம் முகத்தைத் துண்டு துண்டாகப் பார்ப்பதில்லை, ஒட்டுமொத்தமாகத்தான் பார்க்கிறோம். 1980இல் பீட்டர் தாம்ப்சன், மார்கரெட் தாட்சரின் படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் தலைகீழாக ஒட்டினார். படம் முழுவதையும் தலைகீழாகக் காட்டினால் பெரிய வித்தியாசம் தெரியாது. நேராகத் திருப்பினால் பார்க்கவே கோரமாக இருக்கும். நேரான முகத்தில் கண்ணுக்கும் வாய்க்கும் இடையே உள்ள உறவை உடனே படிக்கிற திறமை நமக்கு இருக்கிறது. ஆனால் எந்த இடத்தில் தவறு என்று பிரித்துச் சொல்லும் திறமை அதோடு சேர்ந்து வருவதில்லை. அதனால்தான் "என்னவோ சரியில்லை" என்று முதலில் தோன்றுகிறது, எது என்று கேட்டால் பெரும்பாலும் தவறான இடத்தைக் காட்டுகிறார்கள். வாடிக்கையாளர் "கண்ணு சரியில்ல" என்று சொன்னால், நான் கண்ணை மட்டும் திருத்தி அனுப்புவதில்லை.

இனி எந்தக் குறை முதலில் தெரிகிறது என்பது. பார்வை எங்கே போகிறது என்பதை 1960களில் ரஷ்ய ஆய்வாளர் யார்பஸ் பதிவுசெய்தார். முகத்தைப் பார்க்கும்போது கண்ணும் வாயும்தான் பார்வையை மிக அதிகம் இழுக்கின்றன. காதோரம் இருக்கிற பெரிய குறை தப்பித்துவிடலாம், வாயில் இருக்கிற சிறிய குறை தப்பிப்பது கஷ்டம். பார்வை போகும் இடம் சோதனையில் தெரிந்தது. இதற்குமேல் நான் சொல்லப்போகும் வரிசை, வீட்டுக்காரர்களுக்குக் காட்டும்போது அவர்கள் எங்கே நெளிகிறார்கள் என்று பார்த்து நான் எடுத்துக்கொண்டது.

முகம் பேசினால் முதலில் மாட்டுவது வாய். தமிழில் ப, ம இரண்டுக்கும் உதடு முழுக்க மூடியாக வேண்டும். அப்பா, அம்மா, மக்ளே, பிள்ளை என்று வாழ்த்தில் வருகிற சொற்கள் எல்லாம் உதட்டை மூட வைப்பவை. ப்ப, ம்ம என்று இரட்டிக்கும்போது அந்த மூடல் இன்னும் கொஞ்சம் நீண்டு நிற்கும். மாற்றிய முகத்தில் உதடுகள் நெருங்கும், ஆனால் நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று விட்டுப்போகும். மென்பொருளுக்குக் கொடுத்த மூலப் படங்களில் வாய் மூடிப் பேசும் கோணம் குறைவாக இருந்தால் இது நிச்சயம் வரும். பல்லும் இப்படித்தான். ஒவ்வொரு பல்லாகத் தெரியாமல் வெள்ளைப் பட்டை ஒன்று தெரியும். இதோடு குரலைத் தனியாகச் சேர்த்திருந்தால் நேரப் பொருத்தமும் பார்க்க வேண்டும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, ஒலி படத்துக்கு முன்னால் சுமார் 45 மில்லி விநாடி ஓடினாலே தெரியத் தொடங்கும். பின்னால் வந்தால் சுமார் 125 வரை தெரியாது. நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் ஒரு ஃபிரேம் 40 மில்லி விநாடி. அதாவது குரல் இரண்டு ஃபிரேம் முந்தினாலே மாட்டிக்கொள்வோம், மூன்று ஃபிரேம் பிந்தினால் தப்பித்துவிடுவோம். சந்தேகமாக இருந்தால் குரலை ஒரு ஃபிரேம் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள்.

பேசாத முகத்தில் கண்தான் முதலில் மாட்டும். விழி வரைந்தது போல அழகாக இருக்கும், ஆனால் இரண்டு விழியும் ஒரே புள்ளியைப் பார்க்காது. அல்லது வாய் சிரிக்கும்போது கீழ் இமை மேலே ஏறாது. நிஜமான சிரிப்பில் கன்னம் உயர்ந்து கண் சற்றுச் சுருங்கும். வாய் மட்டும் சிரித்துக் கண் அசையாமல் நின்றால் அது சிரிப்பாகவே தெரியாது. கண்ணில் விழும் ஒளிப் பொட்டையும் பாருங்கள். திண்ணையில் உட்கார்ந்தால் முற்றத்து வானம் விழியில் பிரதிபலிக்க வேண்டும். அங்கே ஸ்டுடியோ ஃபிளாஷின் சின்னப் புள்ளி இருந்தால், யாரும் அதைப் பெயர் சொல்லிக் காட்டமாட்டார்கள், ஆனால் பார்வை வெறுமையாகத் தோன்றும்.

மூன்றாவது, தலை திரும்பும்போது முகம் தலையோடு சேர்ந்து திரும்பாமல் மேலே வழுக்குவது. பல மென்பொருள்கள் ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகச் செய்கின்றன. முந்தைய ஃபிரேமில் மூக்கு எங்கே இருந்தது என்ற நினைவு அவற்றுக்குக் கிடையாது. அதனால் ஒவ்வொரு படமும் நன்றாக இருக்கும், சேர்த்து ஓட்டினால் முகம் நடுங்கும். நம்ம ஊர் ஆண்களிடம் இதைக் காட்டிக்கொடுப்பது மீசையும் மூக்குக் கண்ணாடியும். மீசை நுனி ஒரு ஃபிரேமில் அடர்ந்தும் அடுத்ததில் மெலிந்தும் தெரியும். கண்ணாடியின் காம்பு, மாற்றிய பகுதியின் ஓரத்தில் வந்ததும் முறிந்தது போலத் தெரியும். நெற்றியில் சந்தனக் குறி இருந்தால் பாதி அப்பாவுடையது, பாதி சித்தப்பாவுடையது.

தோலும் வெளிச்சமும் என் வரிசையில் கடைசி, ஆனால் பெரிய திரையில் அவை முன்னால் வந்துவிடும். முகம் மாற்றப் பலர் பயன்படுத்துகிற inswapper_128 என்ற ஏஐ மாடல் தருவது, பெயரிலேயே இருக்கிறபடி, 128 பிக்சல் அகலமும் உயரமும் உள்ள முகம். முழு எச்டி வீடியோவில் நெருக்கமாக எடுத்த முகம் 500 பிக்சலுக்கு மேல் இருக்கும். நான்கு மடங்கு இழுத்து, மங்கியதை மறைக்க இன்னொரு மென்பொருளால் தெளிவுபடுத்துகிறார்கள். அப்போது கன்னம் மெழுகு பூசியது போல வழவழப்பாகிவிடும், கழுத்தில் மட்டும் சுருக்கமும் கேமராவின் பொடிப்பொடியான இரைச்சலும் அப்படியே இருக்கும். போனில் இது தெரியாது. மண்டபத்து எல்இடி திரையில் முகம் ஆள் உயரத்துக்கு நிற்கும்போது தெரியும். வெளிச்சமும் அப்படித்தான். தென்னந்தோப்பில் எடுத்தால் ஓலை நிழல் சட்டையிலும் கழுத்திலும் ஆடிக்கொண்டே இருக்கும், ஆனால் மாற்றிய முகத்தில் அந்த நிழல் மங்கிப்போகும் அல்லது காணாமலே போகும். எங்கள் பக்கம் தோப்பில் எடுக்கச் சொல்லாத குடும்பம் குறைவு. இந்த வீடியோவுக்கு மட்டும் வேண்டாம், நிழலான திண்ணையில் எடுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

பூதப்பாண்டிப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குச் செய்ததைச் சொல்கிறேன், சோதனை முறை இதில் விளங்கும். மறைந்த பாட்டா திண்ணைக்கு வந்து, உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து "நல்லா இருங்க பிள்ளைகளா" என்று சொல்ல வேண்டும். நடித்தது அவருடைய மருமகன். கேமரா நொடிக்கு 25 ஃபிரேம். பாட்டாவின் முகத்தை வைத்தே தனியாக மாடலைப் பயிற்றுவித்தோம், மூலம் முழுக்க வீட்டு ஆல்பத்துப் படங்கள். பேரப்பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. ஆச்சி மட்டும், "பார்வை வேற எங்கேயோ இருக்கு" என்றார்.

ஒலியை நிறுத்திவிட்டுக் காட்டினோம், உறுத்தல் போகவில்லை. ஆகவே குரல் காரணமில்லை. ஓட்டத்தை நிறுத்தி ஒரு ஃபிரேமைக் காட்டினோம், "இது அவியதான்" என்றார். அப்போது தோலும் வெளிச்சமும் விழியும் காரணமில்லை, அசைவில்தான் ஏதோ இருக்கிறது. திரையில் வாய்ப்பகுதியைக் காகிதத்தால் மறைத்து ஓட்டினோம், உறுத்தல் இருந்தது. மேல் பாதியை மறைத்தோம், போய்விட்டது. கண்ணைச் சுற்றி அசைவில் ஒரு குறை என்று இடம் சுருங்கியது. ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தியபோது தெரிந்தது: பார்வையில் தவறே இல்லை, இமை முழுக்க மூடவில்லை. ஒரு இமைப்பு 0.1 முதல் 0.4 விநாடி வரை ஆகும், 25 ஃபிரேம் வீடியோவில் சுமார் மூன்று முதல் பத்து ஃபிரேம். நடித்தவரின் இமை அதற்குள் மூடித் திறந்தது. பாட்டாவின் இமை பாதியில் நின்று திரும்பியது. காரணம் எளிது. ஆல்பத்தில் கண் மூடிய படத்தை யாரும் வைத்துக்கொள்வதில்லை, அதனால் மாடல் அவர் மூடிய இமையைப் பார்த்ததே இல்லை. இது புதுச் செய்தியும் இல்லை. 2018இல் சிவெய் லியூவின் குழு, இமைப்பு சரியாக இல்லாததை வைத்தே அந்தக் காலத்துப் போலி வீடியோக்களைப் பிடிக்கும் வழி சொன்னது. இப்போதைய மென்பொருள்கள் பலவும் இதைத் தாண்டிவிட்டன என்பதால், இமைப்பு சரியாக இருப்பதை மட்டும் வைத்து ஒரு வீடியோ நிஜம் என்று முடிவுகட்டக் கூடாது.

மாற்றிய முகம் எந்த இடத்தில் ஒட்ட வேண்டும் என்று வரையறுப்பது மாஸ்க். இமைக்கிற அந்தச் சில ஃபிரேம்களில் மட்டும் கண் பகுதியில் அதைத் திறந்துவிட்டோம். மூடும் இமை மருமகனுடையதாகவே போகட்டும் என்று விட்டு, நிறத்தை மட்டும் சுற்றியுள்ள தோலோடு சேர்த்தோம். அவ்வளவு குறைந்த நேரத்தில் மூடிய இமை யாருடையது என்று கண் கவனிப்பதில்லை, மூடியதா என்பதைத்தான் கவனிக்கிறது. ஆச்சி மறுபடி பார்த்துவிட்டு, பார்வையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உட்கார்ந்ததும் ஒரு தலையசைப்பு வரும், அதைக் கண்டு, "அவிய இப்படித் தலையாட்டமாட்டாவ" என்றார். அதற்கு மென்பொருளில் மருந்து கிடையாது. முகமாற்றம் முகத்தின் தோற்றத்தை மட்டும்தான் மாற்றும், அசைவு முழுக்க நடித்தவருடையது. அந்தத் தலையசைப்பு வரும் இடத்தை வெட்டி, வாழ்த்துச் சொல்வதோடு முடித்தோம்.

இதே வரிசையில் உங்கள் வீடியோவையும் பாருங்கள்: ஒலியில்லாமல், பிறகு நிறுத்தி, பிறகு கீழ் பாதியையும் மேல் பாதியையும் மாற்றி மாற்றி மறைத்து. இதை நீங்கள் தனியாகச் செய்தால் பலன் குறைவு, ஏனென்றால் பலமுறை பார்த்துப் பார்த்து உங்கள் கண் பழகியிருக்கும். ஓரமும் நிறமும் மட்டும் சந்தேகமாக இருந்தால், போனில் திரை தானாகத் திரும்புவதை நிறுத்திவிட்டுப் போனைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். தலைகீழ் முகத்தை ஒட்டுமொத்தமாகப் படிக்கும் திறமை நமக்குக் குறைவு. அதனால் முகவாய் ஓரத்துக் கோடும், கன்னத்துக்கும் கழுத்துக்கும் உள்ள நிற வித்தியாசமும் தனியாகத் தெரியும். கண், வாய் குறைகளுக்கு மட்டும் இந்த வழி உதவாது.

அம்மாவை மறுபடி உட்கார வைத்துச் சோதிக்க வேண்டாம். அப்பாவோடு நெருங்கிப் பழகிய, ஆனால் மனதளவில் அம்மா அளவுக்குப் பாதிக்கப்படாத ஒருவரிடம், அத்தையோ அப்பாவின் பழைய கூட்டாளியோ, முன்கூட்டியே கேட்டுவிட்டுக் காட்டுங்கள். அவர் நெளிகிற விநாடியைக் குறித்துக்கொள்ளுங்கள், அவர் சொல்கிற காரணத்தைவிட அந்த விநாடி நம்பகமானது. குறை உதட்டிலோ இமையிலோ நேரப் பொருத்தத்திலோ இருந்தால் உங்கள் எடிட்டர் திருத்திவிடலாம். சித்தப்பாவின் தலையசைப்பிலும் சிரிக்கும் விதத்திலும் இருந்தால் திருத்த முடியாது. அப்போது பேசும் காட்சியை எடுத்துவிட்டு, முகம் மாற்றாத அப்பாவின் பழைய போன் வீடியோ பத்து விநாடி இருந்தாலும் அதையே போடுங்கள்.